ஒரு மொழியின் ஒப்பீட்டு வாக்கியத்தை வகைப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

“இது அதை விட நீளம்” என்பதை ஒரு மொழி எப்படிச் சொல்கிறது என்று கண்டுபிடித்து, அதை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவெடுப்பதுதான் இங்கே வேலை. பார்வைக்கு அரை மணி நேர வேலை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் தவறான முனையில் தொடங்கி இரண்டு நாள் குறிப்பையும் தூக்கிப் போட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாக்கியத்தை வாங்குவதற்கு முன்பே வகையின் பெயரைத் தேடுவதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை நம்பித்தான் நிற்கிறது.

## 1. கையில் இருக்க வேண்டியவை

மூன்று குச்சிகள் வேண்டும்: 12 செ.மீ., 29 செ.மீ., 30 செ.மீ. இந்த அளவுகளை ஏன் சொல்கிறேன் என்பது இரண்டாம், நான்காம் படிகளில் தெரியும். இவற்றோடு, அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர். முடிந்தால் தனித்தனியாகக் கேட்க இருவர்.

அடுத்து நான்கு சொற்கள். “இந்தக் குச்சி அந்தக் குச்சியை விட நீளம்” என்பதில், எதைப் பற்றிச் சொல்கிறோமோ அது (இந்தக் குச்சி) பேசுபொருள். எதோடு வைத்துப் பார்க்கிறோமோ அது (அந்தக் குச்சி) ஒப்பளவு. ஒப்பளவின் மேல் ஒட்டியிருப்பது (-ஐ விட) ஒப்பளவுக் குறி. நீளம் என்பது பண்பு. ஐந்தாவதாக ஒன்று சில மொழிகளில் உண்டு. பண்பின் மேல் ஏறும் “இன்னும்”, “அதிகம்” போன்ற மிகைக்குறி அது. தமிழில் பண்புச்சொல்லுக்கு அது கட்டாயமில்லை.

ஐந்தில் வகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒப்பளவுக் குறிதான். ஆங்கிலம் வழியாக இலக்கணம் படித்தவர்களின் கண் மட்டும் மிகைக்குறியின் மேலேயே போய் நிற்கும். பண்புச்சொல்லின் வடிவம் மாறவில்லை என்றதும் “இந்த மொழியில் ஒப்பீடே இல்லை” என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கணக்கில் தமிழிலும் ஒப்பீடு இல்லாமல் போகும்.

## 2. மொழிபெயர்க்கச் சொல்லாமல் வாக்கியத்தை வாங்குங்கள்

“‘அதை விட நீளம்’ என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்கக் கூடாது. கேட்டால், கேள்வி வந்த மொழியின் அச்சிலேயே பதிலும் வரும். இரு மொழி தெரிந்தவர் உங்கள் வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் இணை தேடி ஒட்டித் தருவார். அது அவர் வீட்டில் பேசும் வாக்கியமாக இருக்காது.

இதைவிட மோசமான ஒரு வழியும் உண்டு. தமிழ் மாணவர் ஒருவர் “‘விட’ என்பதற்கு உங்கள் சொல் என்ன?” என்று நேரடியாகக் கேட்டார். எதிரில் இருந்தவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். “கைவிடு” என்ற பொருளுள்ள வினையைக் கொடுத்தார். மாணவர் அதை ஒப்பளவுக் குறி என்று குறித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

இதற்குத்தான் குச்சிகள். இரண்டை மட்டும் வைத்துக் கேட்டால் “இதுதான் நீளம்” என்று கைகாட்டிப் பேச்சை முடித்துவிடுவார். அது தேர்வே தவிர ஒப்பீடு அல்ல. அதில் ஒப்பளவின் பெயரே வராது. மூன்றையும் வரிசையாக வைத்து நடுக்குச்சியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். 29 செ.மீ. குச்சி மூன்றில் நீளமானதும் அல்ல, குட்டையானதும் அல்ல. ஆகவே அதைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தால் இன்னொரு குச்சியின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் தானாக வந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, பக்கத்தில் “முதல்” என்று குறியுங்கள். பிறகு நீங்கள் கேட்டு வாங்கியவற்றைத் தனியாக வையுங்கள். இரண்டும் வேறுபட்டால் அந்த வேறுபாடே ஒரு செய்தி.

## 3. துண்டு போடுங்கள்

வாங்கிய வாக்கியத்தை ஐந்து கட்டங்களில் பிரித்து எழுதுங்கள். இந்தியில் “ராம் ஷ்யாம் சே லம்பா ஹை” என்றால்: ராம் பேசுபொருள், ஷ்யாம் ஒப்பளவு, சே ஒப்பளவுக் குறி, லம்பா பண்பு, மிகைக்குறிக் கட்டம் காலி. ஜப்பானிய மொழியில் “தாரோ வா ஜிரோ யோரி செ கா தகாய்” என்றால்: ஜிரோ ஒப்பளவு, யோரி அதன் குறி, “செ கா தகாய்” உயரம் அதிகம் என்ற பண்பு. இங்கும் மிகைக்குறி காலி.

காலிக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். அதை நிரப்ப வேண்டும் என்ற அவசரத்தில், பேசுபொருளோடு வரும் “வா” போன்றவற்றை அங்கே தள்ளியவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் ஒப்பளவையே நீக்கிவிட்டு “இது நீளம்” என்ற வெறும் வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் இருக்கும் துண்டு எதுவும் ஒப்பீட்டின் குறி அல்ல. ஒப்பளவோடு சேர்ந்து மறைந்ததுதான் ஒப்பளவுக் குறி.

## 4. ஒரு வாக்கியமா, இரண்டா?

முதல் பெரிய பிரிவு இங்கேதான். சில மொழிகளில் ஒப்பளவு என்ற உறுப்பே வாக்கியத்துக்குள் இருக்காது. இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து வைப்பார்கள்.

பாப்புவா நியூ கினியாவின் அமேலே மொழியில் “ஜோ இ பென், ஜோ எயு நக்”. சொல்லுக்குச் சொல்: வீடு இது பெரிது, வீடு அது சிறிது. “இந்த வீடு அந்த வீட்டை விடப் பெரிது” என்பதற்கு அவர்கள் சொல்வது இதுதான். பிரேசிலின் ஹிக்ஸ்கார்யானா மொழியில் எதிர்ச்சொல்லுக்குப் பதிலாக மறுப்பு வரும். “கவோஹ்ரா நஹா வரகா, கவ் நஹா கய்வெர்யே”: உயரமில்லை வரகா, உயரம் கய்வெர்யே. வரகாவை விடக் கய்வெர்யே உயரம் என்று பொருள். ஆக, இணைத் தொடர் வகைக்குள்ளேயே இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று எதிர்ச்சொல்லால் ஆவது, இன்னொன்று மறுப்பால் ஆவது. எது என்று குறிப்பில் எழுதுங்கள்.

இங்கே ஒரு பொறி. எந்த மொழியிலும் இரண்டு வாக்கியங்களை அடுக்கலாம். தமிழில் நாமும் “அண்ணன் உயரம், தம்பி குள்ளம்” என்கிறோம். அதற்காகத் தமிழ் இணைத் தொடர் மொழி ஆகிவிடாது. அதுதான் அந்த மொழியின் ஒப்பீட்டு வழியா, அல்லது எல்லாரும் செய்யும் எதிர்வைப்பா என்று பிரிக்க மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

சிறு வேறுபாடு. 29 செ.மீ. குச்சியையும் 30 செ.மீ. குச்சியையும் மட்டும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். தமிழர் யாரும் இந்த இரண்டுக்கு “இது நீளம், அது குட்டை” என்று சொல்லமாட்டார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்போது ஒன்றைக் குட்டை என்பது பொய்யாகப் படும். “இது அதை விடக் கொஞ்சம் நீளம்” என்று மாறிவிடுவார். எதிரில் இருப்பவர் இந்த இரண்டு குச்சிக்கும் தயங்காமல் இரட்டை வாக்கியமே சொன்னால், அந்த அமைப்பு அங்கே ஒப்பீட்டின் வேலையைச் செய்கிறது. இதைச் செய்யாமல் 12, 30 குச்சிகளோடு நிறுத்தினால் உங்கள் தரவு எதையும் நிரூபிக்காது. அவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு எல்லா மொழியிலும் இரட்டை வாக்கியம் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டுமே குட்டை. 12 செ.மீ. குச்சிக்குப் பக்கத்தில் 11 செ.மீ. துண்டு ஒன்றை வையுங்கள். “இரண்டுமே குட்டைதான், ஆனாலும் இது அதை விட நீளம்” என்று தமிழில் முரண் இல்லாமல் சொல்லலாம். “விட” வந்ததும் நீளம் என்ற சொல் “இது நீளமான பொருள்” என்று சொல்வதை விட்டுவிடுகிறது. இரட்டை வாக்கியத்திலும் இப்படி முன்னுரை போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பண்புச்சொல் இன்னும் தன் முழுப் பொருளிலேயே நிற்கிறது.

அளவு சேர்ப்பது. “ஒரு விரற்கடை நீளம்” என்று வேறுபாட்டின் அளவைச் சேர்க்கச் சொல்லுங்கள். அளவு எந்த வாக்கியத்துக்குள் போகிறது, அல்லது மூன்றாவதாக ஒரு வாக்கியம் தேவைப்படுகிறதா என்பதைக் குறியுங்கள்.

மூன்றிலும் இரட்டை வாக்கியம் தோற்று, வேறு எந்த வழியும் பேசுபவரிடமிருந்து வராமல் போவதும் உண்டு. அதை “தோல்வி” என்று எழுதாதீர்கள். சிறு வேறுபாட்டைச் சொல்லத் தனி அமைப்பு இல்லாமல், சூழலைக் கொண்டே உணர்த்தும் மொழிகள் இருக்கின்றன என்பது ஆய்வாளர்கள் பேசிவரும் விஷயம். நீங்கள் கண்டதை அப்படியே எழுதுங்கள்.

## 5. ஒரே வாக்கியம் என்றால்: ஒப்பளவின் வேற்றுமை அசைகிறதா?

இதுவரை பண்புச்சொல்லோடு வேலை செய்தோம். இப்போது வினைக்கு மாறுங்கள். பேசுபொருளை எழுவாய் இடத்திலிருந்து செயப்படுபொருள் இடத்துக்கு நகர்த்தினால் ஒப்பளவும் கூடவே வேற்றுமை மாற்றுகிறதா என்பதுதான் கேள்வி.

லத்தீனில் உள்ள இரண்டு வழிகளில் ஒன்றைப் பார்ப்போம். “மார்குஸ் அல்தியோர் எஸ்த் க்வாம் பவுலுஸ்”, அதாவது மார்குஸ் பவுலுஸை விட உயரம், என்பதில் “க்வாம்” ஓர் இடைச்சொல். அதன் பின்னால் வரும் பெயர் பேசுபொருளின் வேற்றுமையையே ஏற்கும். இங்கே மார்குஸ் எழுவாய், ஆகவே பவுலுஸும் எழுவாய் வடிவம். “நான் மார்குஸை நேசிப்பது அதிகம், க்வாம்…” என்று தொடங்கினால், பவுலுஸ் என்று எழுவாய் வடிவில் முடித்தால் “பவுலுஸ் அவனை நேசிப்பதை விட” என்று பொருள். பவுலும் என்று இரண்டாம் வேற்றுமையில் முடித்தால் “நான் பவுலுஸை நேசிப்பதை விட” என்று பொருள். வேற்றுமையே பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இது இடைச்சொல் வகை.

இனி தமிழ். “ரவி மாலாவை விடக் கீதாவை அதிகம் நம்புகிறான்.” மாலாவை ரவி நம்புவது குறைவா, அல்லது மாலா கீதாவை நம்புவது குறைவா? இரண்டு பொருளும் வரும். ஏனென்றால் மாலா எந்த வேடத்தில் இருந்தாலும் “விட” அவளுக்கு -ஐ தான் போடும். நான்காம் வேற்றுமையில் பேசுபொருள் வந்தாலும் அப்படியே: “அவனை விட எனக்கு அதிகம் தெரியும்.” ஏழாம் வேற்றுமையிலும் அப்படியே: “வீட்டை விட வெளியில் வெளிச்சம் அதிகம்.” எனக்கு, வெளியில் என்று பேசுபொருள் மாறிக்கொண்டே போகிறது. ஒப்பளவு -ஐ விட்டு நகரவில்லை. இது நிலைத்த வேற்றுமை வகை.

ஆகவே சோதனை இதுதான். எழுவாய், செயப்படுபொருள், “எனக்குத் தெரியும்” போன்ற நான்காம் வேற்றுமை, இடம் என நான்கு இடங்களில் பேசுபொருளை வைத்து நான்கு வாக்கியங்கள் வாங்குங்கள். ஒப்பளவின் வடிவம் நான்கிலும் ஒன்றா என்று பாருங்கள். முதல் வாக்கியத்தோடு நிறுத்தினால் எதுவும் தெரியாது, நான்கையும் பக்கத்தில் வைத்தால்தான் அசைவு கண்ணில் படும்.

பெயர்ச்சொல்லில் வேற்றுமை உருபே இல்லாத மொழியானால் இந்தச் சோதனை ஊமையாகிவிடும். அப்போது ஒப்பளவின் இடத்தில் முழு வாக்கியம் உட்காருமா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் “than” என்ற இடைச்சொல்லுக்குப் பின்னால் எழுவாயும் வினையும் கொண்ட முழுத் தொடர் வரும். தமிழில் அது முடியாது. “நான் நினைத்தேன் விட” என்று சொல்ல முடியாமல் “நான் நினைத்ததை விட” என்று வினையைப் பெயராக்கி, அதற்கும் -ஐ சேர்த்த பிறகுதான் உள்ளே விடுவோம். மாலா, ரவி வாக்கியத்தின் இரட்டைப் பொருளை நாம் தீர்ப்பதும் இப்படித்தான்: “மாலா நம்புவதை விட”, “மாலாவை நம்புவதை விட”.

ஓர் எச்சரிக்கை. பள்ளியில் கற்ற வடிவமும் பேசும் வடிவமும் இந்த இடத்தில் மோதும். ஆங்கிலத்தில் “than I” என்பதா “than me” என்பதா என்ற சண்டை இதனால் வந்ததுதான். இடைச்சொல்லாகப் பார்த்தால் முதலாவது, முன்னிடைச்சொல் போலப் பார்த்தால் இரண்டாவது. படித்த பேச்சாளர் திருத்திக்கொண்டு சொல்வதையும், திருத்துவதற்கு முன்னால் வாயில் வந்ததையும் இரண்டாகவே எழுதுங்கள்.

## 6. நிலைத்த வேற்றுமை என்றால்: குறி உயிருள்ள வினையா?

ஹவுசா மொழியில் “அலி யா ஃபி மூசா கிர்மா” என்பார்கள். “ஃபி” என்றால் மிஞ்சு. அலி மூசாவைப் பருமனில் மிஞ்சினான் என்று பொருள். இங்கே ஒப்பளவு அந்த வினையின் செயப்படுபொருள். இது மிஞ்சல் வகை. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரவலாக உண்டு. கண்டோனீய சீனத்தில் “அவன் உயரம் கட நான்” என்ற வரிசையில், “கடந்து போ” என்ற வினை பண்புக்குப் பின்னால் வந்து ஒப்பளவைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் தமிழ் மாணவர்கள் எல்லாரும் ஒரே தடுக்கில் தடுக்குவார்கள். “-ஐ விட” என்பதில் -ஐ செயப்படுபொருள் உருபு. விட, “விடு” என்ற வினையின் வடிவம். ஆகவே தமிழும் ஹவுசா போல மிஞ்சல் வகைதானே? வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வினை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் இதைச் சொல்லக் கூடாது. பார்க்க மூன்று கேள்விகள்.

அதற்குக் காலம் ஏறுமா? ஹவுசாவில் “ஃபி” வாக்கியத்தின் பயனிலையாக நிற்கிறது. காலமும் எழுவாய்ப் பொருத்தமும் காட்டும் “யா” அதற்கு முன்னால் வருகிறது. தமிழில் “அவனை விட்டேன் உயரம்” என்று ஒப்பீட்டுப் பொருளில் சொல்ல முடியாது. அதை மறுக்க முடியுமா? “அவனை விடாமல் உயரம்” என்றால் பொருளே இல்லை. மறுப்பு கடைசியில், பண்பின் மேல்தான் ஏறும்: “அவனை விட உயரமில்லை.” பழைய பொருள் மிச்சம் உண்டா? “வீட்டை விட்டுப் போனான்” என்பதில் பிரிவு உண்டு. “வீட்டை விடப் பெரிது” என்பதில் யாரும் எதையும் விட்டுப் போகவில்லை.

மூன்றிலும் இல்லை என்றால் வினை உறைந்துவிட்டது. நம் இலக்கணம் இதைச் சொல்லுருபு என்று சொல்வது சரியாகப் பொருந்துகிறது. “காட்டிலும்”, “பார்க்கிலும்” என்பவையும் இப்படி உறைந்தவைதான். காட்டு, பார் என்ற வினைகளிலிருந்து வந்து, -ஐ மட்டும் பழைய உறவின் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றில் எதற்கும் “மிஞ்சு” என்ற பொருள் இருந்ததில்லை என்பதையும் கவனியுங்கள். மாண்டரின் சீனத்தின் “பி” என்பதும் “ஒப்பிடு” என்ற வினையிலிருந்து வந்தது, “மிஞ்சு” என்பதிலிருந்து அல்ல.

என் வழக்கம், அட்டவணையில் இரண்டு கட்டங்கள் வைப்பது: “இன்று எப்படி நடக்கிறது”, “எதிலிருந்து வந்தது”. வகைப்படுத்தல் முதல் கட்டத்தை வைத்து. இரண்டையும் ஒரே கட்டத்தில் திணிப்பதால்தான் இந்தத் துறையில் பாதிச் சண்டை.

## 7. உருபு என்றால்: அது எந்தத் திசை?

வினை அல்ல, உருபுதான் என்று முடிவானால், அந்த உருபு இடப்பொருளில் என்ன செய்கிறது என்று பாருங்கள். “அங்கிருந்து வந்தான்”, “அங்கே இருக்கிறான்”, “அங்கே போனான்” என்ற மூன்று வாக்கியங்களை வாங்கி, ஒப்பளவுக் குறி அவற்றில் எதில் வருகிறது என்று தேடுங்கள்.

இந்தியின் “சே”, ஜப்பானியத்தின் “யோரி”, அரபியின் “மின்” மூன்றும் “இருந்து” என்ற பொருள் தருபவை. ஒப்பளவைப் புறப்படும் புள்ளியாகப் பார்க்கும் இது நீங்கல் கிளை. ஹங்கேரியத்தில் “பேடெர் மகஷப் பால்னால்”. இங்கே “-னால்” என்றால் “அருகில், -இடம்”. பாலின் பக்கத்தில் பேடெர் உயரம் என்பதுபோல. இது இடம் கிளை. “-க்கு” வகையான உருபு வந்தால் அது நோக்கிச் செல்லும் கிளை.

ஓர் உருபுக்குப் பல வேலைகள் இருக்கும் என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது. இந்தியின் “சே” கருவிப் பொருளிலும் வரும், “கத்தியால்” என்பதற்கும் அதுவே. ஒப்பீட்டில் வரும் “சே” எதன் உறவு என்று அந்த மொழிக்குள் மட்டும் நின்று சொல்வது கடினம். இடப்பொருளில் “இருந்து” என்ற வேலை இருக்கிறது என்பதைக் கொண்டுதான் நீங்கல் என்கிறோம்.

உறவு மொழிகளைப் பார்த்து ஊகிக்கவும் கூடாது. தமிழில் -ஐ விட. கன்னடத்தில் “ராமனிகிந்த”, அதாவது நான்காம் வேற்றுமை உருபின் மேல் “இந்த” ஏறுகிறது. தெலுங்கில் “ராமுடி கண்டே”, பெயரின் திரிந்த வடிவத்தோடு “கண்டே”. ஒரே குடும்பம், மூன்று வேற்றுமைகள்.

மொழியியலாளர் லியோன் ஸ்டாசன் 167 மொழிகளை இப்படிப் பிரித்தபோது, இடப்பொருள் உருபுகளைப் பயன்படுத்துபவை 78, இணைத் தொடர் 34, மிஞ்சல் 33, இடைச்சொல் 22 என்று வந்தது. இடைச்சொல் வகை பெரும்பாலும் ஐரோப்பாவில் குவிந்திருக்கிறது. நாம் பள்ளியில் “இயல்பான” ஒப்பீடு என்று கற்ற வகை, நான்கில் மிகச் சிறியது.

## 8. இரண்டாவது அமைப்பைத் தேடுங்கள்

ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. ரஷ்ய மொழியில் “இவான் விஷே பெத்ரா” என்று ஒப்பளவை ஆறாம் வேற்றுமையில் வைக்கலாம். “இவான் விஷே, செம் ப்யோத்ர்” என்று இடைச்சொல் போட்டும் சொல்லலாம். ஆனால் “உன்னை விட எனக்குக் குளிர் அதிகம்” என்பதற்கு “ம்னே ஹலத்னேயே, செம் தெபே” என்று இரண்டாம் வழியில்தான் போக வேண்டும். எனக்கு, உனக்கு என்று இரு பக்கமும் நான்காம் வேற்றுமை நிற்கிறது. ஒப்பளவு ஆறாம் வேற்றுமைக்கு மாறினால் அந்தப் பொருத்தம் அழிந்துவிடும். உருபு குட்டை, வேலை குறைவு. இடைச்சொல் நீளம், எங்கும் செல்லும். ஐந்தாம் படியில் வாங்கிய நான்கு வாக்கியங்களை இரண்டு அமைப்பிலும் முயன்று பார்த்தால் எல்லை தானாகத் தெரியும்.

## 9. முழுதாக ஒன்று: தமிழையே எடுப்போம்

நடுக்குச்சியைப் பற்றிக் கேட்டதும் வருவது: “இது அதை விட நீளம்.” ஒரே வாக்கியம். 29, 30 சோதனையில் நிற்கிறது. இரண்டும் குட்டை என்றாலும் நிற்கிறது. “ஒரு விரற்கடை நீளம்” என்று அளவும் ஏற்கிறது. நான்கு இட மாற்றத்திலும் ஒப்பளவு -ஐ தான். “விட” உறைந்தது. ஆக முதல் வரி: நிலைத்த வேற்றுமை, சொல்லுருபு, மூலம் பிரிவைக் குறிக்கும் வினை, மிகைக்குறி பண்புச்சொல்லுக்குத் தேவையில்லை, வினைக்கு “அதிகம்” தேவை. “ரவி மாலாவை விடக் கீதாவை நம்புகிறான்” என்று “அதிகம்” இல்லாமல் சொன்னால் குறையாகக் கேட்கிறது.

எட்டாம் படி இங்கேதான் பயன்படுகிறது. “நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை.” “அதற்கு இது எவ்வளவோ மேல்.” “அவர் எனக்கு மூத்தவர்.” மூன்றிலும் ஒப்பளவு நான்காம் வேற்றுமையில்! தமிழரிடமே கேட்டால் இதை யாரும் ஒப்பீட்டு உருபு என்று சொல்லமாட்டார்கள், ஆனால் தினமும் சொல்கிறார்கள். எல்லை எங்கே என்று பாருங்கள். “அவர் எனக்கு உயரமானவர்” என்று “என்னை விட” என்ற பொருளில் சொல்ல முடியாது. மேல், தேவலை, மூத்தவர், இளையவர் என்று, ஒப்பீட்டைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும் சில சொற்களோடுதான் -கு வருகிறது. இரண்டாம் வரி: நோக்கிச் செல்லும் கிளை, சொல்லளவில் குறுகியது.

மூன்றாவது பழையது. தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமையை “இதனின் இற்று இது” என்று அறிமுகப்படுத்துகிறது. அந்த வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் நான்கு பொருளில் நீங்கலும் ஒப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உரைகாரர்களின் எடுத்துக்காட்டு “காக்கையிற் கரிது களாம்பழம்”. அதாவது பழந்தமிழ், இந்தி, ஜப்பானியத்தின் பக்கம் நின்றது. “முன்னிலும் அதிகம்”, “அதனினும் இனிது” என்று எழுத்துநடையில் இன்னும் அதன் வால் தெரிகிறது.

இந்த மூன்றாம் வரியை நிரப்பும்போது ஒரு சோதனையைக் கூடுதலாகச் செய்யுங்கள். இலக்கண உரைகள் இந்தப் பொருளை உவமப்பொரு, உறழ்பொரு என்று இரண்டாகப் பிரித்தன. ஒன்றுபோல இருப்பதும் ஒன்றை மிஞ்சுவதும் ஒரே உருபில் வந்ததுதான் காரணம். களாம்பழம் காக்கையைப் போலக் கறுப்பா, காக்கையை விடக் கறுப்பா என்பதை உருபு சொல்வதில்லை. ஆகவே நிலைத்த உருபு கிடைத்த எந்த மொழியிலும், ஒரே நீளமுள்ள இரண்டு குச்சிகளை வைத்து அதே வாக்கியத்தைச் சொல்லிக் காட்டி, “இது சரியா?” என்று கேளுங்கள். தமிழில் “இது அதை விட நீளம்” என்று சம நீளக் குச்சிகளுக்குச் சொன்னால் உடனே மறுப்பார்கள். மறுக்காத மொழியில் உங்கள் கையில் இருப்பது மிகுதியைக் காட்டும் குறி அல்ல. “இதோடு வைத்துப் பார்த்தால்” என்ற அளவில் நிற்கும் குறி. அங்கே மூன்றாம் படியில் காலியாக விட்ட மிகைக்குறிக் கட்டத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி தேட வேண்டியிருக்கும்.